பேட்ச் ரிஜெக்ட் கூடினால் அது தற்செயலா, கோளாறா? பி சார்ட் போட்டுக் கண்டுபிடிக்கும் முறை

ஒரே இயந்திரம், ஒரே மூலப்பொருள், ஒரே ஆபரேட்டர். நேற்றைய பேட்ச்சில் 400-க்கு 10 பழுது, இன்றைக்கு 400-க்கு 19. ஏறக்குறைய இரண்டு மடங்கு. உடனே ஒருவர் வெப்பநிலையைக் கூட்டுவார், இன்னொருவர் அழுத்தத்தைக் குறைப்பார், மூன்றாமவர் ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். உண்மையில் அந்த இரண்டு பேட்ச்சுக்கும் இடையே எதுவுமே மாறாமல் இருந்திருக்கலாம். 3 சதவீதம் பழுது விடுகிற ஒரு செயல்முறையிலிருந்து 400 பொருட்களை எடுத்தால் ஒவ்வொரு முறையும் சரியாக 12 வராது. 7 வரும், 16 வரும், அபூர்வமாக 19-ம் வரும்.

எதுவரை தற்செயல், எங்கிருந்து கோளாறு என்று பிரித்துக் காட்டுவதுதான் கட்டுப்பாட்டு வரைபடத்தின் வேலை. பேச்சில் கண்ட்ரோல் சார்ட். அமெரிக்கப் பொறியாளர் வால்ட்டர் ஷூஹார்ட் 1924 மே 16 அன்று தன் மேலாளருக்கு எழுதிய ஒரு குறிப்பில் இதை முதன்முதலாக வரைந்து காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வியும் இதேதான்: தொலைபேசிக் கருவிகளில் பழுதான சதவீதம் மாறிக்கொண்டே இருக்கிறதே, அந்த மாற்றத்துக்கு அர்த்தம் உண்டா, இல்லையா? பழுது சதவீதத்துக்கென்று போடுகிற வரைபடத்துக்குப் பி சார்ட் என்று பெயர். அதை முதன்முதலாகப் போடுகிறவர்களுக்காக, நைலான் கிளிப் வார்க்கும் ஓர் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் இயந்திரத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து பார்ப்போம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. கணக்கு போடும் முறையில் எந்த மாற்றமும் இல்லை.

எண்ணத் தொடங்கும் முன்

முதலில் எதை எண்ணுகிறோம் என்பதை முடிவு செய்யுங்கள். பி சார்ட்டில் எண்ணுவது பழுதான பொருட்களை, பழுதுகளை அல்ல. ஒரு கிளிப்பில் கருப்புப் புள்ளியும் இருக்கிறது, ஓரத்தில் பிசிறும் இருக்கிறது என்றால் அது ஒரு பழுதான கிளிப். இரண்டு என்று எழுதக் கூடாது. ஒரு பொருளில் எத்தனை பழுது என்று எண்ணினால் அதற்கு வேறு வகை வரைபடம் உண்டு. இரண்டையும் கலந்து எழுதினால், தற்செயலையும் கோளாறையும் பிரிக்கும் எல்லைக் கோடுகள் தவறாக வரும்.

அடுத்தது, எது பழுது என்பதற்கு எழுத்தில் ஒரு வரையறை வேண்டும். "கருப்புப் புள்ளி இருந்தால் ரிஜெக்ட்" என்று மட்டும் எழுதினால் போதாது. எவ்வளவு பெரிய புள்ளி, எந்த முகத்தில், எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த வெளிச்சத்தில் பார்த்துச் சொல்வது என்பதெல்லாம் வேண்டும். ஏற்கத்தக்கது ஒன்று, தகாதது ஒன்று என இரண்டு மாதிரிகளைச் சோதனை மேசையிலேயே ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது. இது இல்லாவிட்டால் வரைபடம் இயந்திரத்தைக் காட்டாது, சோதிப்பவர் மாறுவதைத்தான் காட்டும். சந்தேகம் இருந்தால் ஐம்பது கிளிப்புகளை ஒருவரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு கலக்கி இன்னொருவரிடம் கொடுங்கள். இருவர் சொல்வதும் பெரிதாக வேறுபட்டால் வரைபடம் காத்திருக்கட்டும், வரையறையைத் திருத்துங்கள்.

மூன்றாவது, ஒரு புள்ளிக்குள் என்ன போகிறது என்பது. இரண்டு இயந்திரங்களின் பொருட்கள் ஒரே பெட்டியில் கலந்து வந்து, அந்தப் பெட்டியைப் பேட்ச் என்று எண்ணினால் பாதி விவரம் அங்கேயே தொலைந்துவிடும். ஒன்று 1 சதவீதமும் மற்றது 5 சதவீதமும் பழுது விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பாதி கலந்தால் வரைபடம் 3 சதவீதத்தில் அமைதியாக ஓடும். இரண்டாவது இயந்திரம் 9 சதவீதத்துக்குத் தாவினாலும் கலந்த சதவீதம் 5-க்குத்தான் ஏறும். மேல் எல்லை 400 பொருள் மாதிரிக்கு 5.6 வாக்கில் இருப்பதால் அபாய மணி அடிக்காது. தனித்தனியே 400 வீதம் எடுத்து வரைந்திருந்தால் அந்த இயந்திரத்தின் எல்லை சுமார் 8.3, 9 சதவீதம் அதைத் தாண்டிப் பளிச்சென்று தெரிந்திருக்கும். ஆகவே ஓர் இயந்திரம், ஓர் அச்சு, முடிந்தால் ஒரு ஷிப்ட். அதுவே ஒரு புள்ளி.

எத்தனை எடுப்பது?

பேட்ச் முழுவதையும் சோதிக்கிறீர்கள் என்றால் இந்தக் கேள்வி இல்லை. மாதிரி எடுப்பதாக இருந்தால், சராசரியாக ஒரு மாதிரியில் குறைந்தது ஐந்து பழுதாவது கிடைக்கும் அளவுக்கு எடுங்கள். 3 சதவீதம் பழுது என்றால் ஐந்துக்கு 167 வேண்டும். கீழ் எல்லையும் பூஜ்யத்துக்கு மேலே இருக்க வேண்டுமானால் சுமார் 300. எங்கள் மாதிரியில் 400.

சின்ன மாதிரி எடுத்தால் என்ன கெட்டுவிடும் என்பதை இந்த ஒப்பீட்டில் பாருங்கள். பழுது 3-லிருந்து 6 சதவீதமாக உயர்ந்துவிட்டது. 400 எடுத்தால் அடுத்த பேட்ச்சிலேயே புள்ளி எல்லையைத் தாண்ட பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. 50 மட்டும் எடுத்தால் மேல் எல்லை 10 சதவீதத்துக்கு மேலே போய் நிற்கும். அதே உயர்வைப் பிடிக்க ஒவ்வொரு பேட்ச்சிலும் பன்னிரண்டில் ஒரு வாய்ப்புதான். வரைபடம் பொய் சொல்லவில்லை, 50 பொருளில் அதற்குமேல் சொல்ல விவரம் இல்லை.

மாதிரியைப் பேட்ச் ஓடும் நேரம் முழுவதும் பரவலாக எடுக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். கடைசிப் பெட்டியின் மேல் அடுக்கிலிருந்து 400 அள்ளினால் அது அந்தக் கடைசி அரைமணி நேரத்தின் கதை மட்டுமே.

முதல் இருபது பேட்ச்

இருபதிலிருந்து இருபத்தைந்து பேட்ச் வரை எந்த எல்லையும் போடாமல் எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். நம் கிளிப் இயந்திரத்தில் ஒவ்வொன்றும் 400 வீதம் சோதித்த இருபது பேட்ச்சின் பழுது எண்ணிக்கை, உற்பத்தி வரிசையிலேயே:

```
11 14  9 12 16 10  8 13 12 15
 5 11 27 14 10 12  9 19 11 10
```

வரிசை மாறக் கூடாது. கோப்பில் தேதிவாரியாக இல்லாமல் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி வைத்திருந்தால் வரைபடத்தின் உயிரே போய்விடும்.

மொத்தப் பழுது 248, மொத்தம் சோதித்தது 8000. வகுத்தால் 0.031, அதாவது 3.10 சதவீதம். இதுதான் நடுக்கோடு. பேட்ச் அளவுகள் வெவ்வேறாக இருக்கும்போது ஒவ்வொரு பேட்ச்சின் சதவீதத்தையும் கூட்டிச் சராசரி எடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு, அது தவறு. 100 பொருள் உள்ள பேட்ச்சுக்கும் 900 உள்ள பேட்ச்சுக்கும் ஒரே எடை கிடைத்துவிடும். எப்போதும் மொத்தப் பழுதை மொத்தச் சோதனையால் வகுக்க வேண்டும்.

எல்லைகளின் சூத்திரம் ஒன்றே ஒன்று. இதில் p என்பது நடுக்கோட்டின் சராசரி விகிதம், n என்பது அந்தப் பேட்ச்சில் சோதித்த எண்ணிக்கை, UCL மேல் எல்லை, LCL கீழ் எல்லை.

```
sigma = sqrt( p × (1 − p) / n )
UCL   = p + 3 × sigma
LCL   = p − 3 × sigma     (மைனஸ் வந்தால் 0)
```

நம் எண்களைப் போட்டால் சிக்மா 0.00867, அதன் மூன்று மடங்கு 0.026. மேல் எல்லை 5.70 சதவீதம், கீழ் எல்லை 0.50 சதவீதம்.

இந்தச் சிக்மா எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு நிமிடம் நின்று பார்ப்பது நல்லது. இருபது சதவீதங்களையும் ஒரு நிரலில் போட்டு விரிதாளின் திட்ட விலக்கச் சார்பைத் தட்டினாலும் ஓர் எண் வரும். ஆனால் அந்த எண்ணில் கோளாறு நடந்த நாட்களும் சேர்ந்திருக்கும். கோளாறு பெரிதாக இருந்தால் திட்ட விலக்கமும் பெரிதாகி, எல்லைகள் விலகிப்போய், அந்தக் கோளாறையே உள்ளே மறைத்துவிடும். மேலே உள்ள சூத்திரம் வேறு கேள்வியைக் கேட்கிறது: ஒவ்வொரு பொருளும் மற்றதைச் சாராமல் 3.1 சதவீத வாய்ப்பில் பழுதாகிறது என்றால், 400 பொருளில் தற்செயல் மட்டுமே எவ்வளவு ஆட்டத்தை உண்டாக்கும்? அதற்கு மேல் ஆடினால் தற்செயலைத் தவிர வேறு ஏதோ வேலை செய்கிறது என்று பொருள்.

மூன்று மடங்கு ஏன் என்று கேட்பார்கள். இரண்டு மடங்கு வைத்தால் ஒன்றுமே நடக்காதபோதும் இருபது, இருபத்தைந்து பேட்ச்சுக்கு ஒரு முறை மணி அடிக்கும். இரண்டு மூன்று முறை தேடிவிட்டு ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவர்கள் அடுத்த முறை வரைபடத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மூன்று மடங்கில் பொய் மணி ஆயிரம் பேட்ச்சுக்கு நான்கைந்துக்கு மேல் போகாது. மணி அடித்தால் ஓடிப்போய்ப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை அப்போதுதான் வரும்.

பதின்மூன்றாம் பேட்ச்

13-ஆம் பேட்ச்சில் 27 பழுது, 6.75 சதவீதம். எல்லை 5.70. வெளியே போய்விட்டது. இப்போது செய்ய வேண்டியது தேடல். தேடலுக்கும் ஒரு வரிசை உண்டு.

முதலில் எண்ணியது சரியா என்று பாருங்கள். அன்றைக்குச் சோதித்தவர் புதியவரா, விளக்கு மாறியதா, 400-க்குப் பதில் 600 எண்ணிவிட்டு 400 என்று எழுதினார்களா? இதற்குப் பத்து நிமிடம் போதும். இதை விட்டுவிட்டு இயந்திரத்தைப் பிரித்துப் போட்டவர்கள் நிறைய.

எண்ணிக்கை சரி என்றால் பழுதை வகைவாரியாகப் பிரியுங்கள். ரிஜெக்ட் பெட்டியைக் கொட்டிப் பார்க்கும்போதுதான் காரணம் கண்ணில் படும். 27 கிளிப்பில் 19 கிளிப்புகளின் மேற்பரப்பில், வார்ப்பு ஓடிய திசையிலேயே வெள்ளி நிறக் கீற்றுகள். மற்ற பேட்ச்களில் இது மூன்றோ நான்கோதான். நைலானில் வெள்ளிக் கீற்று என்றால் முதலில் ஈரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். குருணையில் ஈரம் இருந்தால் அது உருகும்போது ஆவியாகி, குமிழிகள் அச்சின் சுவரில் இழுபட்டுக் கீற்றாகப் படியும். நைலான் 6 குருணையைச் சுமார் 80 டிகிரி செல்சியஸில் உலர்த்தி ஈரத்தை 0.2 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பிறகே வார்ப்பது வழக்கம். டிரையரைப் போய்ப் பார்த்தால் ஹீட்டர் சுருள் அறுந்திருக்கிறது. மின்விசிறி மட்டும் ஓடுகிறது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. சுருளை மாற்றியாயிற்று. விளக்கை மட்டும் நம்பாமல், ஷிப்ட் தொடங்கும்போது டிரையரின் உள் வெப்பநிலையைக் குறித்து வைக்க வேண்டும் என்ற விதியும் எழுதியாயிற்று.

காரணம் தெரிந்து, சரிசெய்து, திரும்ப வராமலும் தடுத்திருப்பதால் இந்தப் பேட்ச்சைக் கணக்கிலிருந்து நீக்கலாம். புள்ளி வரைபடத்தில் இருக்கட்டும், பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். எல்லைக் கணக்கில் மட்டும் சேர்க்க வேண்டாம். காரணம் கிடைக்காவிட்டால் நீக்கக் கூடாது. "ஏதோ அன்றைக்கு மட்டும்" என்று சொல்லி நீக்கினால், அடுத்த முறை அதே கோளாறு வரும்போது அதையும் நீக்கத்தான் மனம் சொல்லும்.

மீதிப் பத்தொன்பது பேட்ச்: பழுது 221, சோதித்தது 7600, நடுக்கோடு 2.91 சதவீதம். புதிய மேல் எல்லை 5.43, கீழ் எல்லை 0.39. நீக்கிய பிறகு வேறு ஏதாவது புள்ளி வெளியே போகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள், இங்கே போகவில்லை. எண்ணிக்கையில் சொன்னால் 400-க்கு 2-லிருந்து 21 வரை உள்ளே. 22-ம் அதற்கு மேலும் வெளியே, 1-ம் 0-வும் கூட வெளியே.

இப்போது மீண்டும் அந்தப் பட்டியலைப் பாருங்கள். 11-ஆம் பேட்ச்சில் 5 பழுது, 18-ஆம் பேட்ச்சில் 19. ஏறக்குறைய நான்கு மடங்கு வித்தியாசம், இரண்டும் எல்லைக்குள். அதாவது இந்த இரண்டுக்கும் இடையே காரணம் தேடுவது வீண். பல இடங்களில் முதல் பேட்ச்சுக்குப் பாராட்டும் இரண்டாவதற்கு விளக்கக் கடிதமும் கிடைத்திருக்கும்.

விரிதாளில் போடுவது

முதல் வரி தலைப்பு. A நிரலில் பேட்ச் எண், B-யில் சோதித்தது, C-யில் பழுது. H1-இல் நடுக்கோடு. அதை முதல் கட்டப் பேட்ச்களிலிருந்து ஒரு முறை கணக்கிட்டு, 0.0291 என்று எண்ணாகவே தட்டி வையுங்கள். இரண்டாம் வரியிலிருந்து:

```
D2:  =C2/B2
E2:  =$H$1+3*SQRT($H$1*(1-$H$1)/B2)
F2:  =MAX(0,$H$1-3*SQRT($H$1*(1-$H$1)/B2))
```

H1-இல் சூத்திரம் வைக்காமல் எண்ணைத் தட்டச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சூத்திரம் இருந்தால் புதிய பேட்ச் சேரும்போதெல்லாம் நடுக்கோடு தானாக நகரும். பழுது மெல்ல மெல்ல ஏறினால் நடுக்கோடும் கூடவே ஏறும், எல்லையும் ஏறும், மணி ஒருபோதும் அடிக்காது.

E, F நிரல்கள் ஒவ்வொரு வரிக்கும் தனியாக B-யைப் பார்க்கின்றன. ஆகவே பேட்ச் அளவு மாறினாலும் எல்லை தானே மாறிக்கொள்ளும், கோடு படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும். 2.91 நடுக்கோட்டுக்கு 250 பொருள் சோதித்தால் மேல் எல்லை 6.10, கீழ் எல்லை 0. 900 சோதித்தால் 4.59-ம் 1.23-ம். ஆகவே 5 சதவீதப் பழுது என்பது சின்னப் பேட்ச்சில் சாதாரணம். பெரிய பேட்ச்சில் அது உண்மையான அபாய மணி. பேட்ச் அளவுகள் சராசரியிலிருந்து 25 சதவீதத்துக்குள் ஏறி இறங்கினால் சராசரி அளவை வைத்து ஒரே நேர்க்கோடு போட்டுக்கொள்ளலாம். ஆனால் புள்ளி கோட்டை ஒட்டி விழும்போது அந்தப் பேட்ச்சுக்கு மட்டும் சரியான கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வரைபடத்துக்குக் கீழே ஒரு குறிப்பு வரி வைத்துக்கொள்ளுங்கள். புதிய மூலப்பொருள் லாட், அச்சு கழற்றிப் பூட்டியது, சோதிப்பவர் மாற்றம், மின்தடை, டிரையர் வடிகட்டி சுத்தம் என எது நடந்தாலும் அந்தப் பேட்ச் எண்ணுக்கு நேராக இரண்டு சொல். மணி அடித்த பிறகு நினைவிலிருந்து தேடினால் ஆளுக்கொரு கதை வரும்.

இனி ஓடும் பேட்ச்களைப் படிப்பது

எல்லைகளை உறைய வைத்தாயிற்று. 21-ஆம் பேட்ச்சிலிருந்து வருகிறவை:

```
13  8 20 12  9
14 13 16 12 15 18 13 17
```

23-ஆம் பேட்ச்சில் 20 பழுது, 5 சதவீதம். இதுவரை வந்த சாதாரணப் பேட்ச்களில் இதுவே அதிகம். கை துறுதுறுக்கும். ஆனால் எல்லை 5.43. செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. இந்த நேரத்தில் அமைப்பை மாற்றினால் என்ன ஆகும்? வெப்பநிலையை ஏற்றுகிறார்கள், அடுத்த பேட்ச் 12. "பார்த்தீர்களா, சரியாகிவிட்டது" என்பார்கள். தொடாமல் விட்டிருந்தாலும் 12 பக்கம்தான் வந்திருக்கும். உச்சத்தில் விழுந்த புள்ளிக்கு அடுத்தது பெரும்பாலும் நடுவை நோக்கித்தான் இறங்கும். ஆனால் ஏற்றிய வெப்பநிலை அங்கேயே தங்கிவிடும். இப்படி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு திருகு திருகினால், இல்லாத ஆட்டத்தையும் கையாலேயே உள்ளே சேர்க்கிறோம்.

26-லிருந்து பாருங்கள்: 14, 13, 16, 12, 15, 18, 13, 17. ஒன்றுகூட 22-ஐத் தொடவில்லை. ஆனால் நடுக்கோட்டின் எண்ணிக்கை 11.6, எட்டும் அதற்கு மேலேயே. எதுவும் மாறவில்லை என்றால் ஒரு புள்ளி மேலே விழ ஏறக்குறையப் பாதி வாய்ப்பு. எட்டும் தொடர்ந்து மேலே விழ 256-இல் ஒன்று. ஆகவே தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் ஒரே பக்கம் என்பது இரண்டாவது விதி. இந்த எட்டின் சராசரி 14.75, அதாவது 3.69 சதவீதம். இவ்வளவு சின்ன நகர்வை ஒற்றைப் புள்ளி எல்லை தாண்டுவதை வைத்து மட்டும் பிடிக்க நினைத்தால், சராசரியாக இருபது பேட்ச்சுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

இந்த விதியில் தேட வேண்டிய இடம் வேறு. மணி அடித்தது 33-இல். மாற்றம் நடந்தது 26-ஐ ஒட்டி. குறிப்பு வரியைப் பின்னோக்கிப் படிக்கும்போது 26-க்கு நேராக ஒரு பதிவு: மறுஅரைப்புப் பொருளின் பங்கு 10-லிருந்து 20 சதவீதம். ரிஜெக்ட் வகைகளும் அதையே சொல்கின்றன; கருப்புப் புள்ளி மட்டும் கூடியிருக்கிறது, மற்றவை பழைய அளவிலேயே இருக்கின்றன. அரைக்கும்போது கலந்த தூசியும் மறுபடி சூடாகிக் கருகிய துகளும் புள்ளியாக வருகின்றன. இதில் முடிவு எடுக்க வேண்டியது நிர்வாகம்: பங்கைக் குறைப்பதா, அரைவைத் தொட்டியைச் சுத்தமாக வைத்துக்கொண்டு 20-லேயே ஓட்டுவதா, கூடுதலாக வரும் முக்கால் சதவீதப் பழுதுக்குச் சேமிப்பு ஈடாகும் என்று ஏற்றுக்கொள்வதா? வரைபடம் முடிவு சொல்லாது. மாற்றத்துக்கு என்ன விலை என்பதை மட்டும் சொல்லும்.

புத்தகங்களில் இன்னும் பல விதிகள் உண்டு. தொடக்கத்தில் இந்த இரண்டோடு நில்லுங்கள். விதிகளைக் கூட்டக் கூட்டப் பொய் மணியும் கூடும். பழைய வெஸ்டர்ன் எலக்ட்ரிக் விதிகள் நான்கையும் ஒன்றாகப் போட்டால் எதுவுமே மாறாதபோதும் சராசரியாக 92 புள்ளிகளுக்கு ஒரு மணி அடிக்கும்.

கீழ் எல்லைக்கு வெளியே விழும் புள்ளியையும் விடாதீர்கள். 400-க்கு 1 பழுது என்றால் எல்லோரும் மகிழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பெரும்பாலும் சோதனை அவசரத்தில் நடந்திருக்கும். உண்மையிலேயே நல்ல பேட்ச் என்றால் இன்னும் முக்கியம்: அன்றைக்கு எது வேறாக இருந்தது என்று கண்டுபிடித்தால் அதை நிலையாக்கலாம்.

எல்லைக்குள் இருந்தும் திருப்தி இல்லை என்றால்

வாடிக்கையாளர் 2 சதவீதத்துக்கு மேல் ஏற்கமாட்டேன் என்கிறார். அந்த 2-ஐ வரைபடத்தில் மேல் எல்லையாக வரைய வேண்டும் என்று ஒருவர் கேட்பார். வேண்டாம். கட்டுப்பாட்டு எல்லை இந்தச் செயல்முறை இயல்பில் எப்படி ஆடுகிறது என்பதிலிருந்து பிறக்கிறது. இலக்கு நம் ஆசையிலிருந்தோ ஒப்பந்தத்திலிருந்தோ பிறக்கிறது. 2.91-இல் நிலையாக ஓடும் இயந்திரத்துக்கு 2-ஐ எல்லையாக வைத்தால் பெரும்பாலான பேட்ச்கள் "வெளியே" விழும். ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் தேடச் சொல்வார்கள், இல்லாத காரணத்தை ஆட்களும் ஏதாவது எழுதித் தருவார்கள்.

நிலையாகவே கெட்டது என்றால் எந்த ஒரு பேட்ச்சையும் குடைந்து பயனில்லை. எல்லாப் பேட்ச்களின் பழுதையும் ஒன்றாகக் கொட்டி வகை பிரியுங்கள். எது முதலிடம், அச்சின் எந்தக் குழியிலிருந்து வருகிறது என்று பாருங்கள். அச்சைத் திருத்துவது, உலர்த்தும் முறையை மாற்றுவது, மூலப்பொருள் தரத்தை மாற்றுவது மாதிரியான அடிப்படை மாற்றங்களால்தான் நடுக்கோடு இறங்கும். ஆபரேட்டரைக் கவனமாக இருக்கச் சொல்வதால் இறங்காது.

பி சார்ட் எங்கே உடையும்

ஒரு பேட்ச்சில் 50,000 பொருளைக் கேமரா சோதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 3 சதவீதம். சூத்திரம் எல்லைகளை 2.77, 3.23 என்று தரும். முக்கால்வாசிப் புள்ளிகள் வெளியே விழும். எல்லாமே கோளாறு என்று அர்த்தமில்லை. மூலப்பொருள் லாட், அறையின் ஈரப்பதம் இவற்றால் பேட்ச்சுக்குப் பேட்ச் அடிப்படை வாய்ப்பே சற்று மாறுகிறது. சின்ன மாதிரியில் அது தற்செயலின் ஆட்டத்துக்குள் மறைந்திருந்தது, பெரிய மாதிரியில் வெளிப்பட்டுவிட்டது. சூத்திரம் தற்செயலை மட்டுமே கணக்கில் எடுக்கிறது, இந்த இயல்பான மாற்றத்தை எடுப்பதில்லை.

இதற்கு எளிய வழி: சதவீதங்களைச் சாதாரண அளவீடுகள் மாதிரி வைத்துத் தனிமதிப்பு வரைபடம் போடுவது. அடுத்தடுத்த இரண்டு பேட்ச் சதவீதங்களின் வித்தியாசத்தைக் குறி பார்க்காமல் எடுத்து, அவற்றின் சராசரியைக் காணுங்கள். அதை 2.66-ஆல் பெருக்கி, சதவீதங்களின் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை, கழித்தால் கீழ் எல்லை. பேட்ச் அளவுகள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் இதுவே போதும். அளவுகளும் பெரிதாக மாறினால், டேவிட் லேனி 2002-இல் தந்த திருத்தப்பட்ட பி சார்ட்டைத் தரக்கட்டுப்பாட்டு மென்பொருள்கள் பலவும் போட்டுத் தரும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பழுது பத்தாயிரத்துக்கு ஒன்று இரண்டு என்றால் பெரும்பாலான பேட்ச்களில் 0 வரும், வரைபடம் தரையிலேயே படுத்திருக்கும். அங்கே சதவீதத்தை விட்டுவிட்டு, ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையே எத்தனை நல்ல பொருள் போனது என்று எண்ணும் வரைபடத்துக்கு மாறுங்கள்.

எல்லையை எப்போது திருத்துவது

மாதம் பிறந்தது, ஆண்டு பிறந்தது என்பதற்காகத் திருத்த வேண்டாம். மூன்று நிபந்தனைகளும் சேர்ந்தால் மட்டும் செய்யுங்கள்: வரைபடம் தெளிவாக நகர்ந்திருக்கிறது, நகர்ந்த காரணம் தெரியும், அந்த மாற்றம் நிலைக்கப் போகிறது. கிளிப் இயந்திரத்தில் மறுஅரைப்பை மீண்டும் 10 சதவீதமாக்கினால் பழைய 2.91-ம் பழைய எல்லைகளும் அப்படியே தொடரும். திரும்பிவிட்டதா என்பதை அவையே காட்டும். 20-லேயே ஓட்டுவது என்று முடிவானால், 26-லிருந்து புதிதாக இருபது பேட்ச் சேரும் வரை பழைய கோடுகளையே வைத்துக்கொண்டு, பிறகு அந்த இருபதிலிருந்து புதிய நடுக்கோடு போடுங்கள். பழைய கோட்டை அழிக்க வேண்டாம். 26-க்கு நேராகச் செங்குத்தாக ஒரு கோடு இழுத்து, இடப்பக்கம் 10, வலப்பக்கம் 20 என்று எழுதிவிட்டு அங்கிருந்து புதிய கோடுகளைத் தொடங்குங்கள்.